ஸ்டாஃப் போனில் ஆபீஸ் மெயில் மக்கர் செய்தால்: முதலில் எங்கே பார்ப்பது

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் விற்கும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் சம்பந்தமான எல்லாமே என் தலையில்தான். மொத்தம் 34 பேர். கம்பெனி போன் யாருக்கும் கிடையாது, அவரவர் சொந்த போன்தான். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் சந்தா இருக்கிறது. போன்களை நிர்வகிக்க அதோடு கூடவே வரும் இன்ட்யூனை வைத்து ஆண்ட்ராய்டு போன்களில், ஆபீஸ் ஆப்களைத் தனியாகப் பிரித்து வைக்கும் வொர்க் ப்ரொஃபைல் போட்டிருக்கிறோம். ஆறு பேரிடம் ஐபோன். வாரத்துக்கு மூன்று நான்கு பேராவது போனை நீட்டிக்கொண்டு என் மேஜைக்கு வருவார்கள். புகார் திரும்பத் திரும்ப அதேதான் என்பதால் பார்க்கும் வரிசையை எழுதி வைத்தேன். செலவில்லாதது முதலில், தலைவலி கடைசியில்.

## போனில் எதையும் போடவே மாட்டேன் என்கிறார்

இதுவும் ஒரு கோளாறுதான். முதல் வாரம் எனக்கு இருந்த ஒரே கோளாறு இதுதான். "என் போட்டோவெல்லாம் ஆபீஸுக்குத் தெரியுமா சார்?" என்று அக்கவுண்ட்ஸ் அக்கா கேட்டார். விளக்கிப் பயனில்லை. என் மானிட்டரை அவர் பக்கம் திருப்பி, இன்ட்யூனில் ஏற்கெனவே சேர்ந்த என் சொந்த போனின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, கடைசியாக எப்போது தொடர்பு கொண்டது, ஆபீஸ் பக்கம் இருக்கும் ஆப்கள். போட்டோ இல்லை, கால் லிஸ்ட் இல்லை, மெசேஜ் இல்லை, சொந்த ஆப்களின் பெயர்கூட இல்லை. அப்புறம்தான் போனைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் மறுப்பவர்களுக்குக் காரணம் வேறு: வேலையை விட்டுப் போகும்போது போனையே அழித்துவிடுவார்களோ என்ற பயம். அது வீண் பயமும் அல்ல, கீழே அதற்கே ஒரு பகுதி இருக்கிறது. எங்கள் ஒரு பக்கக் கொள்கைத் தாளில் எனக்குப் பிடித்த வரி இதுதான்: "சொந்த போனில் கம்பெனி Retire மட்டுமே செய்யும், Wipe செய்யாது." Retire ஆபீஸ் பக்கத்தை மட்டும் எடுக்கும், Wipe போனையே துடைக்கும். தமிழில் அச்சிட்டு, முதலாளி கையெழுத்துப் போட்டு, ஸ்டாஃப் கையெழுத்தும் வாங்கி ஆளுக்கொரு பிரதி.

அப்படியும் வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். போனைச் சேர்க்காமலேயே அவுட்லுக் ஆப்பை மட்டும் பூட்டி வைக்கும் ஆப் பாதுகாப்புக் கொள்கை போதும். போனை இன்ட்யூனில் சேர்க்கப் பயன்படும் கம்பெனி போர்ட்டல் ஆப் ஆண்ட்ராய்டில் அதற்கும் இருந்தாக வேண்டும், ஆனால் அதைத் திறந்து லாகின் செய்யத் தேவையில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் "சேர வேண்டாம் என்றீர்கள், இது எதற்கு?" என்று அடுத்த சண்டை.

## வொர்க் ப்ரொஃபைல் உருவாகாமல் பாதியில் நிற்கிறது

முதலில் இடம். போனில் இரண்டு மூன்று ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும். வாட்ஸ்ஆப் வீடியோவால் நிரம்பிய போனில் ப்ரொஃபைல் பாதி வரை வந்து நின்றுவிடும். கூடவே தேதி, நேரம் தானியங்கியில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, வேறொரு ப்ரொஃபைல் ஏற்கெனவே இருக்கிறதா. ஒரு போனில் ஒரு வொர்க் ப்ரொஃபைல்தான் இருக்க முடியும். பழைய கம்பெனியில் போட்டதை எடுக்காமலே வந்திருப்பார்கள். ஒரே ஆப்பை இரண்டாகப் பிரித்துத் தரும் ஷெல்டர், ஐலேண்ட் மாதிரி ஆப்களும் உள்ளே இதே வசதியைத்தான் பயன்படுத்துகின்றன. செட்டிங்ஸில் work என்று தேடினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் போனில் யூஎஸ்பி டீபக்கிங் போட்டு, கம்ப்யூட்டரில் இணைத்து இதைத் தட்டுங்கள்:

```
adb shell pm list users
```

UserInfo{0: என்று தொடங்கும் வரி போன்காரருடையது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணோடு இன்னொரு வரி இருந்தால் உள்ளே வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்று பொருள். 999 என்று ஒரு வரி இருந்தால் அது சில பிராண்டுகளில் வாட்ஸ்ஆப்பை இரட்டிப்பாக்கும் வசதி. வேறு எதுவும் கிடைக்காவிட்டால் அதையும் அணைத்துவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள். பழைய ப்ரொஃபைலை எடுப்பதற்கு முன்னால் "இதில் உங்களுக்கு வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். எடுத்தால் உள்ளே இருப்பது திரும்பி வராது. வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைக்க மறக்காதீர்கள்.

பிறகு நம் பக்கம். அவருக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கிறோமா, சேர்க்கைக் கட்டுப்பாட்டில் சொந்த போன்களை நாமே தடுத்து வைத்திருக்கிறோமா என்று பாருங்கள். புது ஆள் சேர்ந்த அன்று வரும் புகாரில் பாதி லைசென்ஸ் மறந்ததுதான்.

கடைசியாக போனே ஒத்துவராதது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு கோ பதிப்பு போன்களில் நான் நேரத்தை வீணாக்குவதில்லை, நேராக ஆப் பாதுகாப்புக் கொள்கைக்குப் போய்விடுவேன். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் போன் சான்றளிக்கப்படாதது என்று காட்டினாலும் அதேதான். ஃபேக்டரி ரீசெட் செய்து பார்க்கலாமா என்று கேட்பார்கள். அடுத்தவர் சொந்த போனில் ஆபீஸ் வேலைக்காக அதை நான் ஒருநாளும் செய்ததில்லை.

## மெயில் தாமதமாக வருகிறது, அல்லது சத்தமே இல்லை

அதிகம் வருவது இதுதான். ஈரோடு லைன் பார்க்கும் தம்பி ஒருநாள் கோபமாகவே வந்தார். காலை 9.40-க்கு டீலர் அனுப்பிய ஆர்டரை மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் பார்த்திருக்கிறார். அதற்குள் டீலர் வேறு இடத்தில் சரக்கு எடுத்துவிட்டார்.

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. அவர் போனைத் திரை அணைத்து மேஜையில் கவிழ்த்து வைத்தேன். இருபது நிமிடம் யாரும் தொடவில்லை. பிறகு என் மெயிலிலிருந்து அவருக்கு ஒன்று அனுப்பினேன். ஐந்து நிமிடம் சத்தமில்லை. திரையை மட்டும் போட்டேன், வரவில்லை. அவுட்லுக்கைத் திறந்தேன், அந்த நொடியே வந்து விழுந்தது. ஆக மெயில் பெட்டியும் கணக்கும் சரி. பின்னணியில் ஆப்பைப் போன் தூங்க வைத்துவிடுகிறது. திறந்த பிறகும் வரவில்லை என்றால் அது வேறு வழி, கீழே அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

அவர் விஷயத்தில் வரிசையாகப் பார்த்தது இது.

வொர்க் ப்ரொஃபைல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா? மேலிருந்து இழுத்தால் வரும் பொத்தான்களில் Work apps என்று ஒன்று இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அதை அணைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் தாளிலேயே எழுதியிருக்கிறோம். காலையில் போட மறப்பவர்கள் உண்டு. இவருடையது போட்டுத்தான் இருந்தது. ப்ரொஃபைலுக்குத் தனிப் பூட்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: போனை ஆஃப் செய்து ஆன் செய்தபின் ஒருமுறை அந்தப் பூட்டைத் திறக்கும் வரை ஆபீஸ் பக்கத்திலிருந்து எதுவும் வராது.

அடுத்து அவுட்லுக்குக்குள் அறிவிப்பு. Focused Inbox-க்கு மட்டும் என்று இருந்தால், புது டீலரின் மெயில் Other பக்கம் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். இவருக்கு அது அப்படித்தான் இருந்தது, மாற்றினோம். ஆனால் என் மெயில் Focused-இல் வந்தும் சத்தம் இல்லையே, ஆக காரணம் இது மட்டுமில்லை.

பிறகு பேட்டரி. இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். போனில் அவுட்லுக் இரண்டு இருக்கலாம்: ஒன்று சொந்தப் பக்கம், இன்னொன்று சின்னப் பெட்டிப் படம் ஒட்டிய ஆபீஸ் பக்கம். செட்டிங்ஸில் தேடிப் போனால் முதலில் வருவது பெரும்பாலும் சொந்தப் பக்கத்தது. தம்பி ஏற்கெனவே யூடியூப் பார்த்துப் பேட்டரி செட்டிங்கை மாற்றியிருந்தார், தப்பான அவுட்லுக்குக்கு. பெட்டிப் படம் ஒட்டிய ஐகானையே அழுத்திப் பிடித்து, App info போய், பேட்டரியை Unrestricted ஆக்கினேன். சில பிராண்டுகளில் இதற்குப் பெயர் No restrictions. ஆட்டோஸ்டார்ட் என்று தனியாக இன்னொரு பொத்தானும் இருக்கும், அதையும் போட வேண்டும். கம்பெனி போர்ட்டலுக்கும் அதே மாதிரி. டேட்டா சேவர் போட்டிருப்பவர்களுக்கு அவுட்லுக்கை விலக்கில் சேர்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு அனுமதியும் ஆபீஸ் பக்கத்து ஆப்புக்குத் தனியாகக் கேட்கும். முதல் நாள் அவசரத்தில் "வேண்டாம்" என்று தட்டியிருப்பார்கள்.

மறுபடி இருபது நிமிடச் சோதனை. அரை நிமிடத்தில் டிங் என்றது. மறுநாள் மதியம் திரும்பவும் போன்: "அண்ணா, மறுபடி வரல." பேசிப் பார்த்ததில், ரீசன்ட்ஸ் பொத்தானை அழுத்தி எல்லா ஆப்பையும் துடைத்துத் தள்ளுவது அவர் வழக்கம். அந்தப் போனில் அப்படித் தள்ளினால் ஆப் முழுதாகச் செத்துவிடும். ரீசன்ட்ஸ் பக்கத்தில் அவுட்லுக்குக்குப் பூட்டுப் போட்டுக் கொடுத்தேன். அதோடு அவர் வரவில்லை.

போன் அப்டேட் ஆன பிறகு இந்தச் செட்டிங்குகள் சில சமயம் பழையபடி திரும்பிவிடும். ஒரே வாரத்தில் ஒரே மாடல்காரர்கள் இரண்டு பேர் வந்தால் முதலில் கேட்க வேண்டியது "அப்டேட் போட்டீங்களா?"

வெளி ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: வேறு வேறு பிராண்ட் போன் வைத்திருக்கும் நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் மெயில் நின்றால் மட்டும். அது போன் விஷயமல்ல. அட்மின் பக்கத்தில் சேவை நிலையைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே டிக்கெட் போடுங்கள்.

## திடீரென்று உள்ளே விடவில்லை

திரையில் சேர்ந்துகொள்ளச் சொல்லியோ, போன் விதிக்கு உட்படவில்லை என்றோ வரும். நம் பக்கம் Not compliant என்று காட்டும், அல்லது வேடிக்கையாக Compliant என்றே காட்டும்.

Compliant என்று காட்டியும் உள்ளே விடவில்லையா? தொண்ணூறு சதவீதம் அவர் திறப்பது பெட்டிப் படம் இல்லாத அவுட்லுக்கை. ஆபீஸ் பக்கம்தான் பதிவாகியிருக்கிறது. சொந்தப் பக்கத்திலிருந்து வந்தால் அது யாரோ தெரியாத போன்தான். சொந்தப் பக்கத்து அவுட்லுக் அவருக்கு வேறெதற்கும் வேண்டாம் என்றால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

Not compliant என்றால் அந்தப் போனின் பக்கத்தில் எந்த விதி தோற்றது என்று எழுதியிருக்கும். ஊகிக்காமல் அதைப் படியுங்கள். அடிக்கடி வருவது பூட்டு. நடுத்தரச் சிக்கல் அளவு கேட்டிருந்தால் 1234, 4444 மாதிரி பின் செல்லாது. குழந்தைக்கு கேம் விளையாடக் கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பின்னை எளிதாக்கியிருப்பார்கள், திங்கட்கிழமை இங்கே வருவார்கள். மாற்றிய பிறகு கம்பெனி போர்ட்டலில் தன் போனைத் தேர்ந்து Check device settings தட்டச் சொல்லுங்கள். தட்டாவிட்டால் போன் தானாகத் தொடர்பு கொள்வது சுமார் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான். ஊருக்குப் போய் நீண்ட நாள் போனை அணைத்தே வைத்திருந்தால், இயல்புநிலைப்படி 30 நாள் தொடர்பில்லாதது தானாகவே விதி மீறியதாகிவிடும். அதற்கும் இதே தட்டல்தான்.

இனி என் சொந்தக் கைங்கரியம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், குறைந்தபட்சப் பதிப்பு ஆண்ட்ராய்டு 13 என்று மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கள் காலை நான்கு ரெப்புகளுக்கு மெயில் இல்லை. நான்கும் 12-லேயே நின்றுபோன போன்கள், இனி அப்டேட் கிடையாது. "புது போன் வாங்கணும்னா கம்பெனி வாங்கித் தருமா?" என்று ஒருவர் கேட்டார், என்னிடம் பதில் இல்லை. விதியைத் திரும்பப் பெற்றேன்.

இப்போது செய்வது: மாற்றுவதற்கு முன்னால் சாதனப் பட்டியலை எக்ஸலில் இறக்கி, பதிப்பு வாரியாக எத்தனை பேர் மாட்டுவார்கள் என்று எண்ணிப் பார்ப்பேன். Mark device noncompliant என்ற இடத்தில் இயல்பாக இருப்பது 0 நாள், அதாவது உடனே. அதை 5 ஆக்கி, முதல் நாளே எச்சரிக்கை மெயில் போகும்படி வைத்திருக்கிறேன். அப்டேட் வராத போன்காரர்களுக்கு என்ன என்பதை முதலாளியிடம் பேசித் தாளில் சேர்த்தோம்: ஆறு மாத அவகாசம், அதற்குள் மாற்றாவிட்டால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் மெயில். இது இன்ட்யூனில் தீர்கிற விஷயமல்ல.

## பில்லை வாட்ஸ்ஆப்பில் அனுப்ப முடியவில்லை

இதைக் கோளாறு என்று கொண்டுவருவார்கள். வேலை செய்ய வேண்டியபடிதான் செய்கிறது. ஆபீஸ் பக்கத்து பிடிஎஃப் சொந்தப் பக்கத்து வாட்ஸ்ஆப்புக்குத் தாண்டிப் போகக் கூடாது என்பதற்காகத்தானே சுவர் கட்டினோம். ஆனால் எங்கள் டீலர்கள் மெயில் பார்ப்பதில்லை, அவர்களுக்கு பில் வாட்ஸ்ஆப்பில்தான் போக வேண்டும். சுவரை அப்படியே விட்டால் வியாபாரம் நிற்கும், இடித்தால் சுவர் கட்டியதே வீண்.

சுவர் இருந்த முதல் மாதம் ரெப்புகள் என்ன செய்தார்கள் தெரியுமா? இன்னொருவர் போனை வாங்கி, தங்கள் திரையில் தெரியும் பில்லை போட்டோ எடுத்து அனுப்பினார்கள். விலைப் பட்டியல் இரண்டு போன்களில் போட்டோவாகக் கிடந்தது. முன்னைவிட மோசம்.

தீர்வு: நிர்வகிக்கப்படும் கூகுள் பிளே வழியாக வாட்ஸ்ஆப் பிசினஸை ஆபீஸ் பக்கத்துக்கே அனுப்பினோம். அவுட்லுக்கிலிருந்து அதற்குப் பகிர்வது சுவருக்குள்ளேயே நடப்பதால் தடை இல்லை. அதற்குத் தனி எண் வேண்டும். ரெப்புகளுக்குக் கம்பெனி சிம் கொடுத்தோம். கவுண்டர் போனுக்கு லேண்ட்லைன் எண்ணையே, அழைப்பு வழியாகச் சரிபார்த்துப் பதிந்தோம். ஆள் மாறினாலும் எண் கம்பெனியிடமே இருக்கும். ஆப் பாதுகாப்புக் கொள்கையும் சேர்த்துப் போட்டிருந்தால் அது தனியாகத் தடுக்கும், அங்கேயும் இந்த ஆப்பை விலக்கில் சேர்க்க வேண்டும். ப்ரொஃபைலைச் சரியாகப் போட்டும் "பகிர முடியாது" என்று வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

## எல்லா ஐபோனும் ஒரே நாளில் பேச்சை நிறுத்தின

ஒரு ஐபோன் என்றால் போன். எல்லாம் என்றால் சான்றிதழ். இன்ட்யூன் ஐபோன்களோடு பேசுவதற்கான ஆப்பிள் புஷ் சான்றிதழ் 365 நாளைக்குத்தான் செல்லும். இன்ட்யூனில் Devices, Enrollment, Apple என்று போனால் Apple MDM Push certificate பக்கத்தில் முடியும் தேதி இருக்கும். புதுப்பிக்கும்போது முதலில் எடுத்த அதே ஆப்பிள் கணக்கில்தான் போக வேண்டும். புதுப்பிக்கத் தெரியாமல் புதிதாக ஒன்றை உருவாக்கிப் போட்டால் எல்லா ஐபோனையும் முதலிலிருந்து சேர்க்க வேண்டியதுதான். காலாவதியான பிறகும் 30 நாள் அவகாசம் உண்டு, பதற வேண்டாம்.

கணக்கு, வேலையை விட்டுப் போனவரின் சொந்த மெயிலில் இருந்தால்? புதிதாக எதையும் உருவாக்காதீர்கள். இங்கேதான் வெளி உதவி: சான்றிதழை வேறு கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லி ஆப்பிள் உதவிப் பிரிவைக் கேளுங்கள்.

## போன் தொலைந்தது, அல்லது ஆள் போய்விட்டார்: Retire போட்டும் Pending

Pending என்றால் போன் இன்னும் இணையத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். கட்டளை காத்திருக்கும். அதற்காகக் காத்திருந்து மற்றதை விட்டுவிடாதீர்கள். அவர் கணக்கின் சைன்-இன்னை நிறுத்தி, Revoke sessions தட்டுங்கள். Pending-ஆக இருந்தாலும் புதிதாக எதையும் எடுக்க முடியாது. போனில் ஏற்கெனவே இறங்கியிருப்பது மட்டும் ப்ரொஃபைல் பூட்டுக்குப் பின்னால் இருக்கும்.

அவசரத்தில் பக்கத்துப் பொத்தான் Wipe-ஐத் தொட வேண்டாம். ஆண்ட்ராய்டு வொர்க் ப்ரொஃபைலுக்கு அது பொருந்தாது. ஆனால் கம்பெனி போர்ட்டல் வழியாக முழுதாகச் சேர்த்த ஐபோனில் அது போனையே துடைத்துவிடும், குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ உட்பட. தாளில் அந்த வரி இருப்பது இதற்குத்தான். பொத்தானைத் தட்டும் உரிமையையும் எனக்கும் முதலாளிக்கும் மட்டும் வைத்திருக்கிறேன்.

சுமுகமாக விடைபெறுபவர் என்றால் கடைசி நாள் என் மேஜையில் உட்கார வைத்து, அவர் கையாலேயே செட்டிங்ஸில் வொர்க் ப்ரொஃபைலை நீக்கச் சொல்வேன். எது போகிறது, எது இருக்கிறது என்பதை அவரே பார்த்துவிடுவார். வாட்ஸ்ஆப் பிசினஸில் இருக்கும் டீலர் பேச்சு வேண்டுமென்றால் அதற்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தொலைந்த போனில் ஒரு குழப்பம் உண்டு. சிம்மை முடக்கி, போலீஸ் புகார் நகலோடு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணையும் முடக்கினால், அந்தப் போன் மொபைல் நெட்வொர்க்குக்கு வராது. நம் Retire-உம் வைஃபை கிடைத்தால்தான் போய்ச் சேரும். அதற்காக "ரெண்டு நாள் பொறுங்க, Retire ஆகட்டும்" என்று நான் சொல்வதில்லை. அவர் வங்கி ஓடிபி அந்த சிம்மில்தான் வருகிறது. சிம்மை உடனே முடக்கச் சொல்வேன், அவர் கணக்கை இங்கிருந்து பூட்டுவேன். Retire எத்தனை நாள் வேண்டுமானாலும் Pending-இல் கிடக்கட்டும்.